சீபேப் மெஷின் தொண்டைய எப்படி திறந்து வைக்குது, அந்த பிரஷர் நம்பர் உள்ள என்ன மாத்துது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெஷின் காத்த உள்ள தள்ளுதுன்னா அப்ப நான் சொந்தமா மூச்சு விடலையா? வென்டிலேட்டர் மாதிரியா அக்கா?

இல்லப்பா, மூச்சு முழுக்க உங்களோடதுதான். சீபேப்ங்கறது, தூங்கும்போது தொண்டை மூடி மூச்சு நின்னு நின்னு வர்ற ஸ்லீப் ஆப்னியா வியாதிக்காக ராத்திரி மாஸ்க்கோட போடுற மெஷின். ஐசியூல வைக்கிற வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சையும் அதுவே தள்ளி விடும், சீபேப் அப்படி எதுவும் பண்ணாது. அது பண்றது ஒண்ணே ஒண்ணுதான், மாஸ்க்குக்குள்ள இருக்கிற காத்தோட பிரஷர வெளிக்காத்த விட கொஞ்சம் அதிகமா வச்சிருக்கும், நீங்க இழுத்தாலும் விட்டாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுல, ராத்திரி பூரா. அந்த பிரஷர் மூக்கு வழியா தொண்டைக்குள்ள இறங்கி, அங்க இருக்கிற மெத்துனு இருக்கிற சதைய உள்பக்கத்துலேர்ந்து வெளிய பாத்து தாங்கிப் பிடிக்குது. வழி திறந்திருந்தா போதும், மிச்ச வேலைய உங்க நெஞ்சும் வயித்துத் தசையும் எப்பவும் போல பாத்துக்கும்.

1981ல சிட்னில காலின் சல்லிவனும் கூட இருந்த டாக்டர்களும் முதல் தடவையா இத எழுதி வெளியிட்டப்ப அஞ்சே அஞ்சு நோயாளிங்கதான், அவங்களுக்கு வச்ச பிரஷர் 4.5லேர்ந்து 10 வரைக்கும், அந்த நம்பர் எதோடதுன்னு கீழ சொல்றேன். இன்னைக்கு வீட்டுல வைக்கிற மெஷினோட அடிப்படை அதுவேதான், மோட்டார் சின்னதாச்சு, சத்தம் கொறஞ்சுது, உள்ள கம்ப்யூட்டர் வந்துச்சு, அவ்வளவுதான்.

நான் ஸ்லீப் லேப்ல ராத்திரி ஷிப்ட் பாக்குறவ. பக்கத்து ரூம்ல ஆளு தூங்க, இந்தப் பக்கம் ஸ்கிரீன பாத்துக்கிட்டு பிரஷர ஏத்தி எறக்குறதுதான் என் வேலை. காலையில ஒயர கழட்டும்போது நம்ம தமிழ் ஆளுங்க, அதுலயும் வயசானவங்க, என்கிட்ட கேக்குறதத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா கிளினிக்ல டாக்டரோட இருக்கிற நேரத்துல இதெல்லாம் கேக்க வாய்க்கிறதில்ல.

பகல்ல முழுக்க நல்லாத்தானே இருக்கு, தூங்குனா மட்டும் ஏன் தொண்டை மூடுது?

மூச்சுக்குழாய கழுத்துல தொட்டுப் பாருங்க, மோதிரம் மோதிரமா கெட்டியா இருக்கும், அது குருத்தெலும்பு, அது மடங்காது. மூக்குக்குள்ளயும் எலும்பு இருக்கு. ஆனா இது ரெண்டுக்கும் நடுவுல, அண்ணத்துக்குப் பின்னாடி ஆரம்பிச்சு நாக்கோட அடிப்பக்கம் தாண்டி குரல்வளைக்கு மேல வரைக்கும் இருக்கிற பகுதி வெறும் சதைதான், சுத்தி தாங்க எலும்பும் இல்ல குருத்தும் இல்ல. சாப்பாடு முழுங்கவும் பேசவும் அந்த இடம் மடங்கியாகணும், அதனால அப்படித்தான் இருந்தாகணும்.

முழிச்சிருக்கும்போது மூளை அந்த இடத்து தசைய விடாம இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கு, முக்கியமா நாக்க முன்னாடி இழுக்கிற தசை. தொண்டை இயல்பாவே குறுகலா இருக்கிறவங்களுக்கு அந்த தசை பகல்ல மத்தவங்கள விட அதிகமாவே வேலை செய்யும், அதனாலதான் வெளிய எதுவும் தெரியாது. தூக்கம் வந்ததும் அந்தப் பிடி தளருது, கனவு வர்ற தூக்கத்துல இன்னும் தளருது, மல்லாக்க படுத்தா நாக்கும் அண்ணமும் பின்னாடி சரியுது. அப்ப நீங்க மூச்சு இழுக்க இழுக்க உள்ள உறிஞ்சல் உண்டாகுதுல்ல, அந்த உறிஞ்சலே சுவர உள்ள இழுத்து ஒட்ட வச்சிருது. கோப்பிக் கடையில தே பெங் குடிக்கும்போது பேப்பர் ஸ்ட்ரா ஊறிப்போனதுக்கப்புறம் வேகமா உறிஞ்சிப் பாருங்க, எவ்வளவு வேகமா உறிஞ்சுறீங்களோ அவ்வளவு சப்பையாகும், டீ மேல வராது, அதேதான் இது.

குண்டா இருக்கிறவங்களுக்குத்தான் வரும்னு நெனைக்காதீங்க. கழுத்துல கொழுப்பு ஒரு காரணம்தான், ஆனா தாடை சின்னதா, கொஞ்சம் உள்வாங்கி இருந்தா நாக்குக்கு இடமே பத்தாது, ஒல்லியா இருந்தாலும் மூடும். ஆசியக்காரங்க முக அமைப்புல இத நாங்க நெறைய பாக்குறோம்.

மெஷின்ல 10ன்னு காட்டுது, அது எதோட 10?

பத்து சென்டிமீட்டர் தண்ணி. ஸ்கிரீன்ல cmH2Oன்னு பக்கத்துல போட்டிருக்கும். ஒரு உயரமான டம்ளர்ல தண்ணி ஊத்தி ஸ்ட்ராவ பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு மெதுவா ஊதுங்க, முதல் குமிழி வெளிய வர்றதுக்கு வாய்ல எவ்வளவு பிரஷர் தேவைப்படுதோ அதான் 10. நம்மள சுத்தி இருக்கிற காத்தே ஏறத்தாழ 1,030 சென்டிமீட்டர் தண்ணி பிரஷர்ல இருக்கு, அதுக்கு மேல ஒரே ஒரு சதவீதம் கூட்டுறோம், அவ்வளவுதான். நுரையீரல் வெடிச்சிருமான்னு ஒரு பாட்டி பயந்து கேட்டாங்க, இந்த அளவுல அப்படி ஆகாது. வீட்டுல வைக்கிற மெஷின் பொதுவா 4லேர்ந்து 20 வரைக்கும்தான் போகும். ஆனா ஏற்கனவே நுரையீரல் ஓட்டையாகி காத்து கசிஞ்சவங்க, மூக்குப் பக்கமோ தலையிலயோ ஆபரேஷன் பண்ணவங்க கட்டாயம் டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லணும்.

எனக்கு 8 வச்சிருக்காங்க, எங்க அண்ணனுக்கு 13. அவருக்கு வியாதி ரொம்ப முத்திருச்சா?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிஞ்சா மிச்சம் எல்லாமே புரிஞ்சிரும், அதனால பொறுமையா படிங்க.

ஒவ்வொருத்தர் தொண்டைக்கும் மூடுற பிரஷர்னு ஒண்ணு இருக்கு. தொண்டைக்குள்ள காத்தோட பிரஷர் அதுக்குக் கீழ போனா மூடிக்கும், மேல இருந்தா திறந்திருக்கும். கணக்குக்காக வெளிக்காத்த பூஜ்யம்னு வச்சுக்குவோம். நல்லா தூங்குற ஒருத்தருக்கு இந்த மூடுற பிரஷர் மைனஸ் 10க்கும் கீழ இருக்கும், அதாவது அவரு தொண்டைய மூடணும்னா யாராவது மெனக்கெட்டு காத்த உறிஞ்சி எடுத்தாத்தான் உண்டு. வெறும் குறட்டை விடுறவருக்கு அது கொஞ்சம் மேல ஏறி மைனஸ் 10க்கும் மைனஸ் 5க்கும் நடுவுல வந்துருக்கும். மூச்சு முழுசா நின்னு நின்னு வர்றவருக்கு அது பூஜ்யத்தையும் தாண்டி பிளஸ்ல போயிருக்கும். பிளஸ்னா என்ன அர்த்தம்னா, வெளிக்காத்து பிரஷர் மட்டும் அந்த தொண்டைய திறந்து வைக்கப் பத்தாது, தூங்குனா தானா மூடிக்கும்.

இப்ப சீபேப்போட வேலை என்னன்னு பாருங்க. உங்க மூடுற பிரஷர் அது மாத்தல. மூக்குல இருக்கிற பிரஷர மேல தூக்குது. மூடுற பிரஷர் பிளஸ் 3னா மூக்குல 3க்கு மேல வச்சாத்தான் கதவே திறக்கும், அதுக்கு மேல இன்னும் சில சென்டிமீட்டர் வச்சாத்தான் காத்து தாராளமா போகும். அந்த வித்தியாசம்தான் முக்கியம், நம்பர் இல்ல.

அதனால 13 வச்சிருக்கிற அண்ணனுக்கு தொண்டைய தாங்க அவ்வளவு தேவைப்படுதுன்னு மட்டும்தான் சொல்ல முடியும். வியாதி எவ்வளவுன்னு பாக்குறதுக்கு மணிக்கு எத்தனை தடவ மூச்சு நின்னுச்சு இல்ல கொறஞ்சுதுன்னு ஒரு கணக்கு இருக்கு, ரிப்போர்ட்ல AHIனு இருக்கும், 5லேர்ந்து 15 வரைக்கும் லேசு, 15லேர்ந்து 30 நடுத்தரம், அதுக்கு மேல கடுமை. மணிக்கு 60 தடவ நின்னவருக்கு 8 போதுமா இருந்ததும் பாத்திருக்கேன், 20 தடவ நின்னவருக்கு 12 கேட்டதும் பாத்திருக்கேன். ரெண்டு நம்பரும் கைகோத்துக்கிட்டுதான் போகும்னு இல்ல.

பிரஷர ஒவ்வொரு நம்பரா ஏத்தும்போது தொண்டைக்குள்ள என்னதான் நடக்குது?

ஒரு ராத்திரிய எடுத்துக்கிட்டே சொல்றேன். ஒரே ஆளோட கதை இல்ல இது, லேப்ல நாங்க அடிக்கடி பாக்குறத ஒண்ணா சேத்து ஒரு ஆளா வச்சிருக்கேன். அம்பத்தி சொச்சம் வயசு, பஸ் ஓட்டுறவரு, AHI 46, தூங்கும்போது அவரு மூடுற பிரஷர் பிளஸ் 5ன்னு வைங்க.

பத்தரைக்கு மாஸ்க் மாட்டி 4ல ஆரம்பிக்கிறோம், பெரும்பாலும் எல்லாருக்கும் 4லதான் ஆரம்பம். தூங்குன கொஞ்ச நேரத்துலயே மூக்குல காத்து ஓடுற கோடு தட்டையாகிருது, ஆனா நெஞ்சு வயிறு ரெண்டும் மேல கீழ போய்க்கிட்டே இருக்கு, அவரு இழுக்குறாரு, உள்ள எதுவும் போகல. 4ங்கறது அவரோட 5க்குக் கீழ, அதனால கதவு சாத்தியே இருக்கு. ஆக்ஸிஜன் எறங்குது, மூளை ஒரு நொடி முழிக்குது, ஒரு பெரிய குறட்டையோட மூச்சு திறக்குது, மறுபடி தூங்குறாரு, மறுபடி மூடுது. கொறஞ்சது அஞ்சு நிமிஷமாவது ஒரு நம்பர்ல விட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்த நம்பருக்குப் போவோம், அவசரப்பட்டா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

6க்கு வந்ததும் முழுசா நிக்கிறது போயிருது. ஆனா சந்தோஷப்பட ஒண்ணுமில்ல, 5ல மூடுற தொண்டைக்கு 6 குடுத்தா ஒரு இடுக்கு மட்டும்தான் திறக்கும். பாதி மூச்சுதான் போகுது, குறட்டை நல்லா கேக்குது, ஏன்னா சதை ஒண்ணோட ஒண்ணு உரசி அதிருது. இந்த நெலமையில நீங்க எவ்வளவு பலமா இழுத்தாலும் காத்து கூட வராது, இழுக்குற பலம் இடுக்க இன்னும் நெருக்கத்தான் செய்யும். ஓட்டத்த தீர்மானிக்கிறது மேல மூக்குல இருக்கிற பிரஷருக்கும் மூடுற பிரஷருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான்.

8க்குப் போனா குறட்டை சன்னமாகிருது, ஆக்ஸிஜனும் எறங்கல. வீட்டுல இருந்து பாக்குறவங்க இத சரியாயிருச்சுன்னு சொல்லிருவாங்க. ஆனா ஸ்கிரீன்ல மூச்சு இழுக்கிற கோடு உருண்டையா ஒரு மலை மாதிரி ஏறி எறங்காம, மேல பாதியிலயே வெட்டின மாதிரி தட்டையா இருக்கும். அந்தத் தட்டைதான் எங்களுக்கு அடையாளம், தொண்டை இன்னும் நெருக்கிக்கிட்டுத்தான் இருக்கு, அவரு இன்னும் கஷ்டப்பட்டு இழுக்குறாரு, அப்பப்ப அந்தக் கஷ்டமே தூக்கத்த கலைக்குது. காலையில "மெஷின் போட்டும் டயர்டா இருக்கு"ன்னு சொல்றவங்கள்ல ஒரு பகுதி ஆளுங்க இந்த இடத்துலதான் மாட்டியிருப்பாங்க.

10ல கோடு உருண்டையாகுது. தொண்டையோட ரெண்டு பக்கச் சுவரும் நல்லா விலகி நிக்குது. ஸ்கேன் எடுத்துப் பாத்தவங்க சொன்னது இதுதான், பிரஷர் ஏத்தும்போது தொண்டை முன்னாடி பின்னாடி விரியறத விட பக்கவாட்டுலதான் அதிகமா விரியுது, நாக்கு முன்னாடி தள்ளப்படுதுன்னு நாம நெனைக்கிறது அவ்வளவு சரியில்ல. இன்னொரு காரியமும் சேந்து நடக்குது, நுரையீரல்ல மூச்சு விட்டு முடிச்சப்பவும் கொஞ்சம் அதிகமா காத்து தங்குது, நுரையீரல் பெருசானா அது மூச்சுக்குழாய கீழ இழுக்கும், அந்த இழுப்புல மேல இருக்கிற தொண்டைச் சுவர் விறைப்பாகி லேசுல மடங்காது. தொண்டைத் தசைக்கு இதுல வேலை கூடல, சொல்லப்போனா கொறையுது, தாங்குறது காத்துதான்.

ரெண்டரை மணி இருக்கும், கனவுத் தூக்கம் வருது, ஆளும் மல்லாக்க திரும்பிட்டாரு. அதே 10ல மறுபடி மூச்சு கொறைய ஆரம்பிக்குது. மெஷின் மாறல, தொண்டை மாறிருச்சு, இப்ப மூடுற பிரஷர் 7க்கு வந்துருச்சுன்னு வைங்க, 10 வச்சா வித்தியாசம் 3தான், 8 வச்சப்ப இருந்த நெருக்கடி திரும்ப வந்துருச்சு. 11, அப்புறம் 12. 12ல கோடு மறுபடி உருண்டை. அந்த நெலமையிலயே, அதாவது மல்லாக்க படுத்து கனவுத் தூக்கத்துல, ஒரு பதினஞ்சு நிமிஷமாவது சுத்தமா ஓடினாத்தான் இந்த நம்பர நம்பலாம். அவருக்கு 12னு எழுதுறோம், ராத்திரியோட மோசமான நேரத்துக்கு எது தேவையோ அது.

அப்படின்னா எல்லாருக்கும் நேரா 15 வச்சுட்டா தலைவலியே இல்லையே?

வேணாம். தேவைக்கு மேல போற ஒவ்வொரு சென்டிமீட்டரும் தொண்டைக்கு புதுசா எதுவும் குடுக்காது, ஏற்கனவே நல்லா திறந்த வழி அதுக்கு மேல திறந்து ஒரு லாபமும் இல்ல. ஆனா தொந்தரவு ஏறும். மாஸ்க் ஓரத்துல காத்து கசியும், கண்ணுல அடிக்கும், வாய் திறந்துக்கும். தொண்டைக்கு வர்ற காத்து உணவுக்குழாய் பக்கமும் தள்ளும், காலையில வயிறு உப்பி ஏப்பமா வரும், சிலருக்கு வயித்து வலியே வரும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒண்ணு இருக்கு. நாம மூச்சு விடணும்னு மூளைக்கு ஞாபகப்படுத்துறது ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு. சிலருக்கு வழி திடீர்னு தாராளமாகி மூச்சு அதிகமா ஓடி அந்த கார்பன் டை ஆக்ஸைடு கொறஞ்சு போயிரும், அப்ப மூளை "இப்போதைக்கு வேணாம்"னு மூச்ச நிறுத்தி வச்சிரும். தொண்டை திறந்தே இருக்கு, ஆனா நெஞ்சு அசையல. ரிப்போர்ட்ல இது CAனு தனியா வரும், தொண்டை மூடினது OAனு வரும். OA நெறைய இருந்தா பிரஷர் பத்தலன்னு யோசிக்கலாம், CA நெறைய இருக்கும்போது பிரஷர ஏத்தினா நெலமை இன்னும் மோசமாகலாம். அதனாலதான் ரெண்டையும் கூட்டி வர்ற ஒரே நம்பர மட்டும் பாத்து முடிவு பண்ணக் கூடாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ஆரம்பத்துல வர்ற CA பலருக்கு சில வாரத்துல தானா கொறஞ்சிரும், கொறையலன்னா டாக்டர் பாக்கணும், இதயம் பலவீனமா இருக்கிறவங்க காத்திருக்கவே வேணாம்.

ஆட்டோ மெஷின் குடுத்திருக்காங்க. என் தொண்டை மூடப் போகுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

நான் ஸ்கிரீன்ல பாக்குற அந்தத் தட்டைக் கோட்டத்தான் அதுவும் பாக்குது. ஒவ்வொரு மூச்சுலயும் காத்து ஓடுற வடிவத்த அளக்குது, மேல தட்டையாச்சுனா கொஞ்சம் ஏத்தும், குறட்டையோட அதிர்வு கேட்டா ஏத்தும், மூச்சே நின்னா சின்னதா ஒரு துடிப்பு அனுப்பி அது எப்படி திரும்பி வருதுன்னு பாத்து வழி மூடியிருக்கா திறந்திருக்கான்னு கணிக்கும். எல்லாம் சரியா இருந்தா மெதுவா எறக்கிக்கிட்டே வரும்.

ஆனா அது பின்னால ஓடுற ஆளுதான், முதல்ல தொண்டை நெருக்கணும், அப்புறம்தான் அது ஏத்தும். அதனால கீழ் எல்லைய எங்க வச்சிருக்குங்கறது பெரிய விஷயம். மேல சொன்ன பஸ் ஓட்டுறவருக்கு 4லேர்ந்து 20ன்னு அகலமா திறந்து விட்டா, கனவுத் தூக்கம் வரும்போது அது 6லயோ 7லயோ நின்னுக்கிட்டு இருக்கும், 12க்கு ஏறிப் போறதுக்குள்ள நாலஞ்சு தடவ மூச்சு நின்னிரும். கீழ 9, மேல 13ன்னு வச்சா ஓட வேண்டிய தூரமே கொஞ்சம்தான். இத நீங்களா மெனுவுக்குள்ள போய் மாத்தாதீங்க, உங்க கிளினிக்ல கேளுங்க, அவங்க கையில உங்க ராத்திரி டேட்டா முழுசா இருக்கும்.

மூச்சு வெளிய விடும்போது காத்து எதுத்து நிக்குற மாதிரி இருக்கு. EPR 3 வச்சுக்கலாமா? Ramp எவ்வளவு வைக்கணும்?

EPR இருக்கிற மெஷின்ல, மூச்சு விடும்போது மட்டும் பிரஷர அது சொல்ற அளவு எறக்கும், 3 வச்சா 3 சென்டிமீட்டர். சுகமா இருக்கும், நெறைய பேரு அதனாலதான் மெஷின விடாம போடுறாங்க, அத நான் கொறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும், தொண்டை மூடறது மூச்சு இழுக்கும்போது மட்டும் இல்ல, பல பேருக்கு மூச்சு விட்டு முடிக்கிற கடைசிலயே சுவர் ஒண்ணு சேர ஆரம்பிச்சிரும். உங்களுக்கு 8 வச்சிருந்தா, அந்த நேரத்துல உங்கள காப்பாத்துறது 8 இல்ல, 8லேர்ந்து 3 போக மிச்சம் இருக்கிற 5. அதனால EPR போட்டதுக்கப்புறம் OA ஏறினா ஆச்சரியப்படாதீங்க, EPR கொறைக்கணும் இல்ல பிரஷர கொஞ்சம் கூட்டணும், எதுன்னு கிளினிக் சொல்லும்.

Rampங்கறது கொறஞ்ச பிரஷர்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துறது. 45 நிமிஷம் வச்சுக்கிட்டு அஞ்சே நிமிஷத்துல தூங்கிப் போறவரா இருந்தா மிச்ச நாப்பது நிமிஷம் பத்தாத பிரஷர்ல கிடப்பீங்க. தூங்குறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு வச்சா போதும், தூங்குனத தானா கண்டுபிடிச்சு ஏத்துற வசதி இருந்தா அதப் போடுங்க.

மூக்கு மாஸ்க்ல 9 நல்லா இருந்துச்சு, வாயும் மூக்கும் மூடுற மாஸ்க் மாத்தினதுலேர்ந்து பத்தல. மெஷின் கெட்டுப் போச்சா?

மெஷின் நல்லாத்தான் இருக்கும். மூக்கு வழியா மட்டும் பிரஷர் வந்தா அது அண்ணத்தையும் நாக்கையும் பின்னாடிலேர்ந்து முன்னாடி பாத்து தாங்கும். வாய்க்கும் சேத்து அதே பிரஷர் போச்சுனா நாக்குக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே பிரஷர், பின்னாடிலேர்ந்து தாங்குற அந்த உதவி போயிருது. போதாததுக்கு மாஸ்க் பட்டைய இறுக்கினா தாடை பின்னாடி அமுங்கும், நாக்கும் கூடவே போகும். அதனால பெரிய மாஸ்க்குக்கு பல பேருக்கு கூடுதல் பிரஷர் தேவைப்படுது. மூக்கடைப்புக்காக மாத்தியிருந்தா முதல்ல மூக்கடைப்ப பாருங்க, மூக்குக்கு ஸ்பிரே, மெஷினோட ஈரப்பதம், இது ரெண்டுமே பல பேருக்கு உதவியிருக்கு.

மெஷின் போட்டும் குறட்டை விடுறேன்னு வீட்டுக்காரி சொல்றாங்க. பிரஷர் பத்தலையா?

இருக்கலாம், ஆனா முதல்ல கசிவ பாருங்க. மாஸ்க்ல இருக்கிற ஓட்டை வழியா நிமிஷத்துக்கு முப்பது லிட்டர் சுமாருக்கு எப்பவும் வெளிய போகும், நீங்க விட்ட மூச்ச கழுவி வெளியேத்துறதுக்காக வேணும்னே வச்சது, அத டேப் போட்டு அடைக்கவே கூடாது. அதுக்கு மேல ஓரத்துலயோ வாய் வழியாவோ போறதுதான் பிரச்சனை. அது ரொம்ப அதிகமானா செட் பண்ண பிரஷர் தொண்டைக்குப் போய்ச் சேராது, மெஷின் கணக்கும் தப்பாகும். சில மெஷின்ல நிமிஷத்துக்கு 24 லிட்டருக்கு மேல போனா கசிவு அதிகம்னு காட்டும்.

கசிவு இல்ல, மாஸ்க் நல்லா உக்காந்திருக்கு, அப்பவும் குறட்டைன்னா பிரஷர் பத்தலன்னு எடுத்துக்கலாம், அந்த 6, 7 நெலமை. எந்த ராத்திரில வருதுன்னு அவங்கள கவனிக்கச் சொல்லுங்க. சனிக்கிழமை பீர் அடிச்ச ராத்திரி மட்டும் வருதுன்னா சாராயம் தொண்டைத் தசைய இன்னும் தளர வச்சு மூடுற பிரஷர மேல ஏத்தியிருக்கு, உங்க வழக்கமான நம்பர் அன்னைக்கு மட்டும் பத்தல. தூக்க மாத்திரையும் சிலருக்கு அப்படித்தான். மல்லாக்க படுத்தா மட்டும்னா பக்கவாட்டுல படுத்தாலே பாதி தீரும்.

ஏர்கான் போட்டா குழாய்ல தண்ணி நின்னு கடகடன்னு சத்தம் வருது, இது பிரஷர பாதிக்குமா?

கொஞ்சம் பாதிக்கும். மெஷின் சூடாக்கின ஈரக்காத்து ஏர்கான் குளிர்ல குழாய்ல போகும்போது தண்ணியாகிருது, நம்ம ஊருல ரூம 20 டிகிரில வச்சு தூங்குற நெறைய வீட்டுல இது நடக்கும். தண்ணி தேங்குனா பிரஷர் ஆடும், ஆட்டோ மெஷின் அந்த ஆட்டத்த குறட்டைன்னு நெனச்சு ஏத்தவும் செய்யலாம். ஈரத்த ஒரு நம்பர் எறக்குங்க, இல்ல ஏர்கான ரெண்டு டிகிரி ஏத்துங்க, மெஷின கட்டில விட தாழ்வா வைங்க, சூடேத்துற குழாய் இருந்தா இன்னும் நல்லது.

பத்து கிலோ கொறச்சிட்டேன், இப்ப மெஷின் போடாம ரெண்டு நாள் தூங்குனேன் நல்லாத்தான் இருந்துச்சு. விட்டுரலாமா?

எடை கொறஞ்சா மூடுற பிரஷர் கீழ எறங்கும், அது உண்மை, சந்தோஷமான விஷயமும்கூட. 5ல இருந்தது 1க்கு வந்திருக்கலாம், அப்ப பழைய 12 உங்களுக்கு அதிகம், அதனால வயிறு உப்பல், கசிவு எல்லாம் புதுசா தலைகாட்டலாம். ஆனா 1ங்கறது இன்னும் பிளஸ்தான், மெஷின் இல்லாம தூங்குனா மூடத்தான் செய்யும். மெஷின் பிரஷர் தொண்டைக்கு வைத்தியம் பண்ணி நிரந்தரமா மாத்திர்றதில்ல, நிறுத்தின அன்னைக்கே தாங்குற காத்தும் நின்னுரும்.

ரெண்டு நாள் நல்லா இருந்ததுக்கு, பல வாரம் நல்லா தூங்கின பலன் இன்னும் உடம்புல தங்கியிருக்கறதும் ஒரு காரணமா இருக்கலாம், சிலருக்கு தொண்டை வீக்கம் வடிஞ்சு கொஞ்ச நாளைக்கு லேசா இருக்கும். அத வச்சு முடிவு எடுக்காதீங்க, அதுலயும் வண்டி ஓட்டுற வேலைன்னா. ஆட்டோ மெஷின் வச்சிருந்தா ரிப்போர்ட்ல 95 சதவீத பிரஷர்னு ஒரு நம்பர் வரும், ராத்திரில 95 சதவீத நேரம் அதுக்குள்ளதான் இருந்துச்சுன்னு அர்த்தம், எடை கொறைய ஆரம்பிச்சப்ப அது எவ்வளவு, இப்ப எவ்வளவுன்னு பாருங்க. 12லேர்ந்து 7க்கு வந்திருந்தா அந்த ரிப்போர்ட்ட எடுத்துக்கிட்டு போய், மெஷின் இல்லாம ஒரு ஸ்லீப் ஸ்டடி மறுபடி எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அந்த ஸ்டடி முடிவு வர்ற வரைக்கும் மாஸ்க்க கழட்டாதீங்க.